திருப்பூர் டி-ஷர்ட், நூறு ஆர்டர், ஒரு கணக்கு: ரோவாஸ் எவ்வளவு வந்தால் கையைக் கடிக்காது?

"டேஷ்போர்டுல ரோவாஸ் 3 காட்டுதுங்க. போன மாசம் ஆறு லட்சத்துக்கு ஆர்டர். ஆனா பேங்க்ல பணம் நிக்க மாட்டேங்குது. எங்கே போகுதுங்க?"

ஆறு லட்சம் என்பது ஆர்டர் போட்ட தொகை. உங்கள் கைக்கு வந்த தொகை அது இல்லை. வாடிக்கையாளர் ஆர்டர் பட்டனை அழுத்தி, நன்றிப் பக்கம் திறந்த அந்த நொடியிலேயே மெட்டாவின் டேஷ்போர்டு அதை விற்பனை என்று எழுதிவிடுகிறது. சிஓடி ஆர்டரா, பார்சல் வாங்கப்பட்டதா, திரும்பி வந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அந்தத் தொகைக்குள் ஜிஎஸ்டியும் இருக்கிறது. ரோவாஸ் 3 என்றால் ஒரு ரூபாய் விளம்பரத்துக்கு மூன்று ரூபாய் ஆர்டர் வந்தது என்று மட்டும்தான் பொருள். அந்த மூன்று ரூபாயில் விளம்பரத்துக்குக் கொடுக்க உங்களிடம் எவ்வளவு மிஞ்சும் என்பதைப் பொறுத்துத்தான் அது லாபமா நட்டமா என்று சொல்ல முடியும்.

திருப்பூரில் ஒரு பையருக்கு காஸ்டிங் போடும்போது நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பாலிபேக் என்று பைசா வரைக்கும் எழுதுகிறோம். அதே ஆட்கள் ஆன்லைனில் விற்கும்போது "டர்ன்ஓவர் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுக்கொள்வதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அந்த காஸ்டிங் ஷீட்டில் இன்னும் நான்கைந்து வரி சேர்த்தால் போதும்.

"எனக்கு மார்ஜின் அறுபது பர்சென்ட்டுக்கு மேல இருக்குங்களே. அப்போ ரோவாஸ் 1.6 வந்தாலே போதுமல்லவா?"

சூத்திரம் சரி: ஒன்றை மார்ஜினால் வகுத்தால் பிரேக்-ஈவன் ரோவாஸ், அதாவது லாபமும் நட்டமும் இல்லாமல் நிற்கும் கோடு, வந்துவிடும். நீங்கள் உள்ளே போட்ட மார்ஜின்தான் தவறு. ₹840க்கு விற்கும் இரண்டு டி-ஷர்ட் செட்டின் அடக்கம் ₹300, மீதி ₹540, அதாவது 64 சதவீதம் என்பது கடையில் ரொக்கத்துக்கு விற்கும்போது பொருந்தும் கணக்கு. அதிலும் ஜிஎஸ்டியைக் கழிக்க வேண்டும். கூரியரில் அனுப்பும்போது எத்தனை செட் திரும்பி வருகிறது என்பதுதான் மார்ஜினைத் தீர்மானிக்கிறது. அதை ஒரு ஆர்டரை மட்டும் வைத்துப் பார்க்க முடியாது. நூறு ஆர்டரை மொத்தமாக எடுத்துக்கொண்டு, அவை எல்லாம் எங்கே போய் முடிந்தன என்று பார்க்க வேண்டும்.

"சரிங்க, அந்த நூறு ஆர்டர் கணக்கை முழுசா ஒரு தடவை போட்டுக் காட்டுங்க."

இதில் வரும் தொகைகள் எடுத்துக்காட்டுக்கு நான் வைத்தவை. உங்கள் கூரியர் பில்லைப் பார்த்து உங்கள் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். செலவுகள் எல்லாம் ஜிஎஸ்டி நீங்கலாக.

பொருள் இரண்டு ரவுண்டு நெக் டி-ஷர்ட் கொண்ட செட். விலை ₹840, டெலிவரி இலவசம். ரெடிமேட் ஆடைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் பீஸ் ₹2,500 வரைக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். ஆகவே ₹840இல் ₹40 வரி, ₹800 உங்களுடையது. செட்டின் அடக்கம் ₹300, வெளிக் கவரும் லேபிளும் ₹20.

நூறு ஆர்டரில் 30 பேர் முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டியவர்கள், 70 பேர் சிஓடி. சிஓடியில் 20 பார்சல் வாங்கப்படாமல் ஆர்டிஓவாகத் திரும்பி வருகின்றன. டெலிவரி ஆன 80இல் 5 பேர் சைஸ் சரியில்லை, கலர் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள். கடைசியில் நிற்பது 75 விற்பனை. 75 × 800, அதாவது ₹60,000. இதுதான் உண்மையான வரவு. டேஷ்போர்டில் ₹84,000 என்று இருக்கும்.

இனி செலவு. விற்ற 75 செட்டின் அடக்கம் ₹22,500. நூறு பார்சலுக்கும் கவர், லேபிள் ₹2,000. நூறு பார்சலும் போன கூரியர், பார்சலுக்கு ₹70 வீதம் ₹7,000. டெலிவரி ஆன 50 சிஓடிக்கு வசூல் கட்டணம் ₹35 வீதம் ₹1,750. ஆர்டிஓ 20 பார்சல் திரும்பி வரும் கூலி ₹65 வீதம் ₹1,300. வாடிக்கையாளர் வீட்டிலிருந்து எடுத்து வந்த ஐந்துக்கு ₹100 வீதம் ₹500. முன்பணத்துக்கு கேட்வே கட்டணம் இரண்டு சதவீதம், ஏறக்குறைய ₹500. திரும்பி வந்த 25 செட்டில் மூன்று கறை பட்டோ துவைத்தோ வந்திருக்கும். அதை மறுபடி ஆன்லைனில் அனுப்ப முடியாது. காதர்பேட்டையில் செகண்ட்ஸ் விலைக்கு ₹100க்குத் தள்ளினால் செட்டுக்கு ₹200 நட்டம், மொத்தம் ₹600. எல்லாம் கூட்டினால் ₹36,150.

₹60,000இல் ₹36,150 போனால் மீதி ₹23,850. விளம்பரத்துக்கு முன்னால் நூறு ஆர்டரில் நிற்கும் பணம் இவ்வளவுதான். ஆர்டருக்கு ₹238. டேஷ்போர்டு காட்டும் ₹84,000ஐ இதால் வகுத்தால் 3.52 வருகிறது.

1.6 என்று நினைத்த இடத்தில் 3.52. விற்ற 75இன் ₹60,000ஐ இந்த வகுத்தலில் போடாமல், டேஷ்போர்டின் ₹84,000ஐ ஏன் போட்டேன் என்று கேட்கலாம். நீங்கள் தினமும் பார்ப்பது டேஷ்போர்டின் எண்ணை. அதே அளவுகோலில் கோடு போட்டால்தான் திரையில் தெரியும் ரோவாஸோடு நேராக ஒப்பிட முடியும். உங்கள் கடைத் தளத்திலிருந்து மெட்டாவுக்கு விற்பனையைச் சொல்லும் பிக்சல் அனுப்பும் தொகையில் வரி, டெலிவரிக் கட்டணம் எல்லாம் சேருகிறதா என்பதை ஒரு டெஸ்ட் ஆர்டர் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு கடையிலும் அமைப்பு வேறு வேறாக இருக்கும்.

"விளம்பரத்துக்கு 18 பர்சென்ட் ஜிஎஸ்டி கட்டறோம். அது இன்புட்டில் வந்துடும்னு ஆடிட்டர் சொன்னாரே, அதைக் கணக்கில் சேர்க்கணுமா?"

இந்த இடத்தில்தான் ஆடை விற்பவர்கள் ஏமாந்து போகிறார்கள். கிரெடிட் வரும் என்பது உண்மை. அந்தக் கிரெடிட்டைக் கழித்துக்கொள்ள உங்களிடம் வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மேலே சொன்ன 75 விற்பனைக்கு நீங்கள் அரசுக்குக் கட்ட வேண்டியது 75 × 40, அதாவது ₹3,000. துணியிலும் தையல் கூலியிலும் 5 சதவீதம் என்று வைத்தால் 22,500க்கு ஏறக்குறைய ₹1,125 கிரெடிட். கூரியருக்கு 18 சதவீதம். 7,000, 1,750, 1,300, 500 சேர்ந்த ₹10,550க்கு ₹1,899. இந்த இரண்டும் சேர்ந்தே ₹3,000ஐத் தாண்டிவிட்டன. விளம்பர ஜிஎஸ்டி போய் உட்கார இடமே இல்லை. மாதா மாதம் லெட்ஜரில் சேர்ந்துகொண்டே போகும், கையில் வராது. உள்ளீட்டு வரி அதிகம், விற்பனை வரி குறைவு என்ற காரணத்துக்காகக் கிடைக்கும் ரீஃபண்டும் வாங்கிய பொருட்களின் வரிக்கு மட்டும்தான். விளம்பரம், கூரியர் போன்ற சேவைகளின் வரிக்கு அது கிடையாது. 2021இல் உச்ச நீதிமன்றமும் இந்த விதியை உறுதி செய்துவிட்டது.

எனவே உள்நாட்டு ஆன்லைன் விற்பனை மட்டும் செய்பவர் விளம்பரச் செலவை 1.18ஆல் பெருக்கியே பார்க்க வேண்டும். டேஷ்போர்டில் தெரியும் செலவில் இந்த வரி சேராது, பில்லில்தான் சேரும். 3.52ஐ 1.18ஆல் பெருக்கினால் 4.16. கோடு அங்கே நிற்கிறது.

ஒரே ஜிஎஸ்டி எண்ணில் ஏற்றுமதியும் செய்தால் நிலைமை வேறு. ஏற்றுமதிக்கான ரீஃபண்டில் சேவை வரியும் சேரும். மொத்த வியாபாரத்தில் ரொக்கமாக வரி கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்தக் கிரெடிட் பயன்படும். அவர்களுக்கு 3.52க்குப் பக்கத்தில் நிற்கலாம். ஆடிட்டரிடம் "கிரெடிட் வருமா?" என்று கேட்காதீர்கள். "போன ஆறு மாதத்தில் லெட்ஜரில் மீதி ஏறிக்கொண்டே போகிறதா?" என்று கேளுங்கள்.

இப்போது முதல் கேள்விக்காரரின் ஆறு லட்சத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். ரோவாஸ் 3 என்றால் விளம்பரம் ₹2,00,000, வரியோடு ₹2,36,000. ஆறு லட்சம் ஆர்டரில் விளம்பரத்துக்கு முன் நிற்பது ஏறக்குறைய ₹1,70,000. மாதத்துக்கு ₹66,000 வரை கையை விட்டுப் போயிருக்கிறது. பேங்க்கில் பணம் நிற்காததற்குக் காரணம் அதுதான்.

"இதை ஷீட்டில் எப்படிங்க போடறது?"

நான்கு கட்டம் போதும். B1இல் டேஷ்போர்டு விற்பனை, B2இல் விளம்பரத்துக்கு முன் மீதி, B3இல் வரிப் பெருக்கி, B4இல் கோடு. கிரெடிட் முழுக்கப் பயன்படுபவர்கள் B3இல் 1 என்று போடுங்கள்.

```
B1: 84000
B2: 23850
B3: 1.18
B4: =B1/(B2/B3)
```

"ஆர்டிஓ எவ்வளவுன்னு எப்போ தெரியும்? இந்த வாரம் போட்ட ஆர்டருக்கு இந்த வாரமே தெரியாதே."

தெரியாது, அதனால்தான் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பார்சல் போய், இரண்டு மூன்று முறை டெலிவரி முயன்று, திரும்பி திருப்பூர் வந்து சேர மூன்று வாரம் ஆகலாம். ஆகவே நேற்றைய ஆர்டரை இன்றைய ஆர்டிஓவோடு சேர்த்து வகுக்காதீர்கள். ஆர்டர் ஏறிக்கொண்டிருக்கும் மாதத்தில் அப்படி வகுத்தால் ஆர்டிஓ குறைவாகத் தெரியும். அது பொய்.

ஒரு வாரத்தில் *போட்ட* ஆர்டர்களைத் தனியாகப் பிரித்து வையுங்கள். முப்பது நாள் கழித்து அதே ஆர்டர் எண்களைக் கூரியர் பேனலில் தேடி, எத்தனை டெலிவரி, எத்தனை ஆர்டிஓ, எத்தனை ரிட்டர்ன் என்று எழுதுங்கள். அந்த விகிதத்தை இன்றைய ஆர்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரீல்ஸ் விளம்பரத்தில் வந்தவர்கள், பழைய வாடிக்கையாளர்கள், வெளி மாநிலத்தவர் என்று பிரித்துப் பார்த்தால் விகிதம் ஒன்றுபோல இருக்காது. ஒரு கேம்பெயின் ரோவாஸ் 5 காட்டும், அதில் பாதிப் பார்சல் திரும்பி வரும். இன்னொன்று 3.8 காட்டும், முழுக்க முன்பண ஆர்டராக இருக்கும். முதலாவதை ஏற்றி இரண்டாவதை நிறுத்துபவர்களை நிறையப் பார்க்கிறேன். ஒவ்வொரு கேம்பெயினுக்கும் அதற்குரிய கோடு வேண்டும்.

"ஆர்டிஓவைக் குறைச்சா எவ்வளவு வித்தியாசம் வரும்? ஒரு அக்காவை வச்சு எல்லா சிஓடிக்கும் போன் பண்ணச் சொல்லலாம்னு இருக்கேன்."

வையுங்கள். ஆனால் அந்த அக்கா செய்யும் வேலையில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டின் பலனும் வேறு.

ஆர்டர் போட்டவரிடம் பேசி, வாங்குவதாக இல்லை என்று தெரிந்து, அனுப்பும் முன்பே ரத்து செய்வது முதல் வகை. நமது கணக்கில் திரும்பி வரும் 20இல் பத்தை இப்படி நிறுத்தினால் போக வரக் கூரியரும் கவரும் மிச்சம், ₹1,550. மீதி ₹25,400 ஆகும், கோடு 4.16இலிருந்து 3.90க்கு இறங்கும். நல்லதுதான், ஆனால் பெரிதாக ஒன்றும் இல்லை.

திரும்பப் போகும் பார்சலை வாங்க வைப்பது இரண்டாவது. முகவரியில் தெருப் பெயர் இல்லை, போன் எடுக்கவில்லை, பணம் கையில் இல்லை, ஊரில் இல்லை என்று பல காரணம். கூரியர் பேனலில் டெலிவரி ஆகாத பட்டியல் அன்றன்றைக்கே வரும். அதே சாயங்காலம் கூப்பிட்டு, "நாளைக்கு எத்தனை மணிக்கு வரச் சொல்லட்டுங்க?" என்று கேட்டு மறு முயற்சிக்குப் போட்டால் பல பார்சல் நின்றுவிடும். இந்த வழியில் பத்து ஆர்டிஓ டெலிவரியாக மாறினால் விற்பனை 85, வரவு ₹68,000, செலவு ₹38,850, மீதி ₹29,150. கோடு 3.40க்கு வந்துவிடும். ரோவாஸ் 3.8 எடுத்துக்கொண்டிருந்தவர் விளம்பரத்தில் எதையும் தொடாமல் நட்டத்திலிருந்து லாபத்துக்கு வருகிறார். அக்காவின் சம்பளத்தை இந்த வித்தியாசத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"டெலிவரிக்கு முயன்றோம், ஆள் இல்லை" என்று கூரியர் குறித்திருக்கும், வாடிக்கையாளரோ "யாருமே வரவில்லை" என்பார். ஒரே பின்கோடில் இது திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பின்கோடுக்கு வேறு கூரியரை மாற்றுங்கள், அல்லது அங்கே முன்பணம் மட்டும் என்று வையுங்கள்.

"கூரியர்க்காரங்க ₹70ன்னு சொல்லிட்டு பில்லில் ₹110 போடறாங்க."

வால்யூமெட்ரிக் எடைதான் காரணமாக இருக்கும். நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி, பெரும்பாலும் 5,000ஆல் வகுப்பார்கள். அந்த எடையா, தராசு எடையா, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். உங்கள் இரண்டு டி-ஷர்ட்டும் 400 கிராம்தான். ஆனால் 30 × 25 × 8 பெட்டியில் போட்டால் 1.2 கிலோ என்று கணக்காகும். அதையே பாலி கவரில் தட்டையாக மடித்தால் அரைக் கிலோ ஸ்லாபிலேயே நிற்கும். பில்லில் ₹40 கூடினால் நூறு பார்சலுக்கு ₹4,000. ஆர்டிஓவுக்கும் அதே ஸ்லாப் விழும் என்பதால் இன்னும் கூடும். கணக்கில் ரேட் கார்டு தொகையைப் போடாதீர்கள், போன மாத பில்லை பார்சல் எண்ணிக்கையால் வகுத்துப் போடுங்கள்.

"சென்னிமலை பெட்ஷீட் விற்கறோம். எங்களுக்கும் இதே 4.16தானா?"

இல்லை. பெட்ஷீட்டில் சைஸ் ரிட்டர்ன் குறைவு. ஆனால் டபுள் பெட்ஷீட்டும் தலையணை உறையும் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். போகிற கூலியும் வருகிற கூலியும் ஏறும், ஒவ்வொரு ஆர்டிஓவும் அதிகமாக வலிக்கும். முறை ஒன்றுதான், நூறு ஆர்டரை எடுத்து உங்கள் பில்லை வைத்துப் போடுங்கள். அடுத்தவரின் ரோவாஸைக் கேட்டு உங்கள் கோட்டை வைக்காதீர்கள்.

"ஆடிக்கு 20 பர்சென்ட் தள்ளுபடி போட்டா ரோவாஸ் நல்லா ஏறுதுங்களே?"

ஏறும், அதோடு கோடும் ஏறும், அதுவும் வேகமாக. ₹840 விலை ₹672 ஆனால் வரி போக ₹640. 75 விற்பனையில் ₹48,000. செலவு ஏறக்குறைய அப்படியே ₹36,050, ஏனென்றால் தையல்காரருக்கும் கூரியருக்கும் தள்ளுபடி இல்லை. மீதி ₹11,950. டேஷ்போர்டு விற்பனை ₹67,200. வரியோடு சேர்த்துக் கோடு 6.64. ஐந்து சதவீதம், பத்து சதவீதம் என்றால்கூட முதலில் B4ஐப் பார்த்துவிட்டு அறிவியுங்கள். தங்கிப்போன பழைய சரக்கைப் பணமாக்கத்தான் தள்ளுபடி என்றால் அது வேறு முடிவு. அப்போது அடக்க விலையாக அந்தச் சரக்கு மொத்தமாக என்ன விலைக்குப் போகுமோ அதை வையுங்கள்.

"கோடு 4.16, எனக்கு 4.5 வருது. பட்ஜெட்டை டபுள் பண்ணலாமா?"

கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். சராசரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். நாளுக்கு ₹2,000 போட்டபோது 4.5, அதாவது ₹9,000 ஆர்டர். ₹4,000 ஆக்கியதும் சராசரி 4.3க்கு இறங்கியது என்று வையுங்கள், ஆர்டர் ₹17,200. கூடுதலாகப் போட்ட ₹2,000க்கு வந்தது ₹8,200, அதாவது 4.1. சராசரி கோட்டுக்கு மேலே இருக்கிறது, கடைசியாகப் போட்ட பணமோ கோட்டுக்குக் கீழே போய்விட்டது. ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பிறகும் *கூடுதல்* ஆர்டரைக் *கூடுதல்* செலவால் வகுத்துப் பாருங்கள். அது கோட்டைத் தொடும் இடத்தில் நிறுத்த வேண்டும், அதற்கு மேல் டர்ன்ஓவர்தான் வளரும்.

"குடோன் வாடகை, ஆள் சம்பளம் எல்லாம் இதில் வரலையே?"

வராது. ஆர்டர் கூடினால் கூடும் செலவுதான் இந்தக் கோட்டில் இருக்கிறது. இந்தக் கோட்டில் நின்றால் ஆர்டரில் நட்டம் இல்லை, அவ்வளவே. வாடகை உங்கள் கையிலிருந்துதான் போகும். மாதம் ஆயிரம் ஆர்டர், வாடகை, சம்பளம், போட்டோ செலவு எல்லாம் ₹50,000 என்றால் நூறு ஆர்டருக்கு ₹5,000. அதை ₹23,850இலிருந்து கழித்து B2இல் ₹18,850 போட்டால் 5.26 வரும். விளம்பரத்தை நிறுத்த 4.16ஐயும் மாதம் முழுக்க எட்ட வேண்டிய இலக்காக 5.26ஐயும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கேம்பெயினை நிறுத்தினால் நட்டம் குறையாது, கூடும். அது வாடகையில் ஒரு பங்கையாவது கட்டிக்கொண்டிருக்கிறது.

"ஒரு தடவை வாங்கினவங்க மறுபடி வாங்குவாங்கங்க. அதனால முதல் ஆர்டரில் நட்டம் ஆனாலும் பரவாயில்லைனு சொல்றாங்களே?"

மறுபடி வாங்கியவர்களின் பட்டியல் கையில் இருந்தால் பரவாயில்லை. மூன்று மாதம் முன்பு முதல் ஆர்டர் *டெலிவரி எடுத்த* நூறு பேரில், இதுவரை எத்தனை பேர் விளம்பரம் இல்லாமல் திரும்பி வந்து வாங்கினார்கள் என்று எண்ணுங்கள். பத்துப் பேர் வாங்கியிருந்தால், நம் நூறு ஆர்டரில் டெலிவரி ஆன 80க்கு எட்டு ஆர்டர் என்று வைத்து, அந்த எட்டின் மீதியை B2இல் சேர்க்கலாம். பார்சலையே வாங்காதவர் மறுபடி வாடிக்கையாளராக வரமாட்டார், அவரை இந்த நூறில் எண்ணாதீர்கள். அந்தப் பட்டியல் கைக்கு வரும் வரைக்கும் முதல் ஆர்டரே தன் செலவைத் தானே தாங்க வேண்டும்.